லாபி படத்தில் பெயர்ப் பலகை மட்டும் வெறுமையாக இருக்க வேண்டும், எழுத்து மாதிரி ஏதோ வந்துகொண்டே இருக்கிறது

அகிலா, அஸ்தம்பட்டி

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் இன்டீரியர் வேலை செய்கிறேன். ஐந்து ரோடு பக்கம் ஒரு மூன்று மாடிக் கட்டிடம், அலுவலகங்களுக்கு வாடகைக்கு விடப் போகிறார்கள். தரைத்தள லாபி முடிந்தால் எப்படி இருக்கும் என்று நோட்டீஸில் போட ஒரு படம் கேட்டார்கள். ரிசப்ஷன் மேசை, கல் தரை, கண்ணாடித் தடுப்புகள், அவ்வளவுதான். யார் வாடகைக்கு வரப் போகிறார்கள் என்று இன்னும் தெரியாததால் எந்தப் பெயரும் இருக்கக் கூடாது. பலகை வெறுமையாக, எங்கேயும் படிக்கிற மாதிரி எதுவும் இல்லாமல் வேண்டும்.

என் கணினியிலேயே எஸ்டிஎக்ஸ்எல் என்கிற படம் வரையும் ஏஐ மாடலை ஓட்டுகிறேன், 1216 × 832 அளவில். எழுதிய பிராம்ப்ட் இது:

```
modern corporate office lobby, reception desk with company
signage on the wall, polished granite floor, glass partitions
with frosted logo, blank sign, no text, no letters, unreadable
```

24 படம் எடுத்தேன். 24-லும் மேசைக்குப் பின்னால் எழுத்து. ஒன்றில் நம்ம 'ண' மாதிரி ஆரம்பித்து ஆங்கில 'R' மாதிரி முடிகிறது. கட்டிட உரிமையாளரின் அப்பா படத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இது எந்தக் கம்பெனிம்மா?" என்று கேட்டார். கல், மரம், வெளிச்சம் எல்லாம் அழகாக வந்திருக்கிறது. இந்த ஒன்றுதான் போக மாட்டேன் என்கிறது. யாராவது சொல்லுங்களேன்.

ரவி, சூரமங்கலம்

இது சுலபம்ங்க. வேண்டாததை எல்லாம் நெகட்டிவ் பிராம்ப்டில் போட்டு எடையை ஏற்றிவிடுங்கள். நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன்:

```
(text:1.6), (logo:1.5), (letters:1.5), watermark
```

எஸ்டிஎக்ஸ்எல் இதைக் கேட்கும். நான் எடுத்த சமையலறைப் படம் ஒன்றில்கூட எழுத்து வந்ததில்லை.

அகிலா, அஸ்தம்பட்டி

ரவி அண்ணா, இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். எழுத்து கொஞ்சம் கலைந்து கோடு கோடாகிவிட்டது, ஆனால் போகவில்லை. அதோடு சுவரின் நிறம் தீய்ந்த மாதிரி ஆகிவிட்டது, மரத்தில் ஆரஞ்சு ஏறிவிட்டது. எடையை 1.2-க்கு இறக்கினால் நிறம் சரியாகிறது, எழுத்து திரும்ப வந்துவிடுகிறது.

மணிவண்ணன், குகை

அகிலா, உங்கள் பிராம்ப்டை ஒரு தடவை மாடலின் பக்கம் நின்று படித்துப் பாருங்கள். `company signage`, `logo`, `sign`, `text`, `letters`. ஐந்து இடத்தில் எழுத்து வேண்டும் என்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள். முன்னால் இருக்கிற `no` அதன் காதில் விழுவதே இல்லை. இந்த மாடல்கள் படத்தையும் அதன் கீழே இருந்த வரியையும் சேர்த்துப் பார்த்துப் பழகியவை. ஒரு படத்தில் என்ன இல்லை என்று யாரும் வரி எழுதி வைப்பதில்லையே. அதனால் `no text` என்றால் அதற்கு `text` மட்டும்தான்.

ரவி சொன்னது பாதி சரி. நெகட்டிவ் வேலை செய்யும். ஆனால் அவர் எடுத்தது சமையலறை. சமையலறைப் படங்களில் சுவரில் பெயர் எழுதியிருக்காது, அதனால் லேசாகத் தள்ளினாலே போய்விடும். லாபி அப்படி இல்லை. உலகத்தில் எடுத்த லாபி படங்களில் மேசைக்குப் பின்னால் கம்பெனி பெயர் இல்லாத படத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாடலுக்கு அந்தச் சுவர் என்றாலே பெயர் எழுதும் இடம். நீங்கள் ஒரு பக்கம் `signage` என்று இழுத்து, மறு பக்கம் 1.6 எடையில் தள்ளினால் நடுவில் மாட்டிக்கொண்டு நிறம்தான் கெடும்.

அங்கே என்ன இல்லை என்பதை விட்டுவிட்டு, என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். அந்தச் சுவரை வேறு ஒரு பொருளால் நிரப்ப வேண்டும். செங்குத்துப் பட்டைகள் உள்ள மரப் பலகைச் சுவர் நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே வரைவதற்கு மாடலுக்கு ஏற்கெனவே ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. வெறும் வெள்ளைச் சுவர் என்று எழுதினால் அந்தக் காலி இடத்தில் மறுபடியும் பெயர் எழுதப் போகும்.

```
interior photograph of an entrance hall, long low desk in pale
stone, wall behind it of vertical fluted walnut slats lit from
above, honed grey granite floor in large slabs, clear glass
partitions with a plain frosted band, morning light
```

`corporate`, `company`, `office`, `reception` நான்கையும் வேண்டுமென்றே எடுத்திருக்கிறேன். `reception` என்ற சொல் இருந்தால் சில நேரம் அந்தச் சொல்லையே மேசையில் எழுதிவிடும். `long low desk` என்றாலே ரிசப்ஷன் மேசை வந்துவிடுகிறது, பயப்பட வேண்டாம். நெகட்டிவில் `text, logo, lettering` மட்டும், எடை எதுவும் வேண்டாம்.

செல்வம், ஓமலூர்

வணக்கம் சகோதரி. நான் போர்டு வேலை செய்கிறவன். ரிசப்ஷன் சுவருக்குத் தமிழ் எழுத்து சரியாக வர வேண்டும் என்றால் இந்த மாதிரி கம்ப்யூட்டர் படத்தில் முயற்சி செய்ய வேண்டாம், 'ழ'வும் 'ஞ'வும் பெரும்பாலும் சரியாக வராது. ஏசிபி ஷீட்டில் அக்ரிலிக் எழுத்து வெட்டி, பின்னால் எல்இடி வைத்தால் பல வருடம் நிற்கும். பெயர்ப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுவர் அளவு அனுப்பினால் விலை சொல்கிறேன்.

அகிலா, அஸ்தம்பட்டி

செல்வம் அண்ணே, நன்றி. எனக்கு எழுத்தே இல்லாமல்தான் வேண்டும், பெயர் இன்னும் முடிவாகவில்லை. முடிவானதும் கண்டிப்பாகக் கேட்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும். படத்தில் பலகைக்கு இடம் விடுவதென்றால், பின்னால் பெயர் வைக்கிறவருக்கு எது வசதி?

செல்வம், ஓமலூர்

ஓ, புரியாமல் எழுதிவிட்டேன். வசதி என்றால், சுவர் நேராகப் பார்க்க வேண்டும், ஒரு பக்கம் சரிந்து ஓடக் கூடாது. வெளிச்சம் நடுவில் மட்டும் வட்டமாக விழாமல் அகலமாக விழ வேண்டும். பட்டை பட்டையான மரச் சுவரில் சின்ன எழுத்து எடுக்காது. நாங்கள் அதன் மேல் ஒரு தட்டையான தகடு வைத்துத்தான் எழுத்து ஒட்டுவோம். நாலடிக்கு இரண்டடி வெறும் தகடு ஒன்று இருந்தால் யார் வேண்டுமானாலும் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

அகிலா, அஸ்தம்பட்டி

மணி அண்ணா, உங்கள் பிராம்ப்டில் 12 எடுத்தேன். எட்டில் சுவர் சுத்தம்! மூன்றில் கண்ணாடியின் பனிப் பட்டையில் சின்னச் சின்னக் கோடாக எழுத்து மாதிரி இருக்கிறது. ஒன்றில் கண்ணாடிக்குப் பின்னால் யாரோ வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். முதலில் எடுத்த 24-ல் ஒன்றை உரிமையாளர் ஏற்கெனவே பிடித்துவிட்டார், அதே மேசைதான் வேண்டும் என்கிறார். அதனால் அந்தப் படத்தில் சுவரில் இருந்த எழுத்தை மாஸ்க் போட்டு அழித்தேன். சுவர் சரியாகிவிட்டது. பிரின்ட் எடுத்துப் பார்த்தால், தரையில் கீழ்ப்பக்கம் நீலமாக நாலைந்து கீற்று. முதலில் அழுக்கு என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் அழித்த அதே எழுத்து, தலைகீழாக. சுவரில் நீல எழுத்து இருந்ததல்லவா, அதன் நிழல் பாலிஷ் கல்லில். மேசையின் அடியில் தேடி ஒன்றும் இல்லை என்று விட்டிருந்தேன், அது எங்கேயோ படத்தின் கீழ் விளிம்பு பக்கம் இருக்கிறது.

நடராஜன், கல் பட்டறை

நான் கிரானைட் வியாபாரம், படம் வரைவது பற்றி எதுவும் தெரியாது. தரை பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

பாலிஷ் போட்ட கல் என்றால் கண்ணாடி மாதிரிதான். கறுப்புக் கல்லாக இருந்தால் இன்னும் அதிகம், சாம்பல் கல்லில் பொடிப் பூக்கள் இருப்பதால் கொஞ்சம் கலைந்து தெரியும். மேடம் எழுதிய `polished granite` என்றால் எதிரே இருப்பதெல்லாம் தரையில் தெரியத்தான் செய்யும். ஹோன்டு என்று ஒரு ஃபினிஷ் இருக்கிறது, தேய்த்து வழவழப்பாக்கிவிட்டுப் பளபளப்புக்கு முன்னாடி நிறுத்திவிடுவோம். அதில் வெளிச்சம் பரவலாகத் தெரியும், உருவம் தெரியாது. லெதர் ஃபினிஷும் அப்படித்தான். ஃப்ளேம்டு என்பது நெருப்பு காட்டிச் சொரசொரப்பாக்குவது, அதில் எதிரே இருப்பது எதுவும் தெரியாது, வாசல்படிக்கும் சாய்தளத்துக்கும் போடுவார்கள். மழைக்கால ஈரக் காலோடு வருகிற லாபி முழுக்க மிரர் பாலிஷ் போட வேண்டாம் என்று நாங்கள் கடையில் வருகிறவர்களிடமே சொல்வோம்.

நிழல் மேசைக்கு அடியில் ஏன் இல்லை என்றால், பலகை தரைக்கு மேலே எவ்வளவு உயரமோ, தரைக்குள்ளே அவ்வளவு ஆழத்தில் இருக்கிற மாதிரிதான் கண்ணுக்குத் தெரியும். குளத்தில் கோபுரம் தெரிகிற மாதிரி. உச்சி நமக்குப் பக்கத்தில் விழும்.

மணிவண்ணன், குகை

நடராஜன் ஐயா சொன்னது ரொம்ப முக்கியம். அதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கேமரா தரையிலிருந்து 5 அடி, பலகை 8 அடி, சுவர் 26 அடி தூரம் என்று வையுங்கள். ஐந்தையும் எட்டையும் கூட்டினால் 13. தூரத்தில் பதின்மூன்றில் ஐந்து பங்கு, அதாவது கேமராவிலிருந்து 10 அடியில் நிழல் விழும். மேசை 20 அடியில் இருக்கிறது. ஆக எழுத்தின் நிழல் மேசைக்குப் பத்தடி முன்னால், ஏறக்குறைய உங்கள் காலடியில். மேசை மறைக்குமா என்றால், அந்தக் கோடு மேசையைத் தாண்டும்போது 5 அடி உயரத்தில் போகிறது, மேசை மூன்றரை அடிதான். மறைக்காது.

மாடல் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. ஆனால் பார்த்துப் பழகிய புகைப்படங்களில் நிழல் அங்கே இருந்ததால் ஏறக்குறைய அங்கேயே வரைந்துவிடுகிறது. அதனால் பலகையிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்து, படத்தின் அடி விளிம்பு வரை அந்தப் பட்டை முழுவதையும் பாருங்கள். கண்ணாடித் தடுப்பும் அப்படியே, அதில் இடம் வலமாகத் திரும்பி நிற்கும்.

இன்னொன்று, அழித்த விதத்தைச் சொல்லுங்கள். என்ன பிராம்ப்ட் வைத்து, எவ்வளவு டீநாய்ஸில், அதாவது பழைய படத்தை எவ்வளவு மாற்ற விட்டு அழித்தீர்கள்?

அகிலா, அஸ்தம்பட்டி

அதே பழைய பிராம்ப்ட்தான் வைத்தேன். முதலில் 0.4, எழுத்து மங்கலாக அப்படியே இருந்தது. அப்புறம் 0.9, வேறு எழுத்து வந்தது! நாலாவது தடவை 0.7-ல் அதிர்ஷ்டத்தில் போனது.

மணிவண்ணன், குகை

அது எல்லோரும் விழுகிற இடம். டீநாய்ஸ் குறைவாக இருந்தால் அடியில் இருக்கிற உருவத்தை வைத்துக்கொண்டு அதன் மேலேயே வரைகிறது, அதனால் எழுத்தின் எலும்புக்கூடு மிச்சம் இருக்கும். அதிகமாக வைத்தால் பழசை மறந்துவிட்டு, பிராம்ப்டில் `lobby`, `signage` என்று இருப்பதைப் பார்த்துப் புதிதாக எழுதும். இரண்டுக்கும் நடுவில் அதிர்ஷ்டத்தைத் தேட வேண்டாம்.

நான் செவ்வாய்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவில் டச்சப் வேலை பார்த்த நாளிலிருந்து செய்கிற வழி இது. முதலில் எந்த மாடலும் இல்லாமல், சாதாரண பிரஷ்ஷில் அந்த எழுத்தின் மேல் பக்கத்துச் சுவரின் நிறத்தைத் தொட்டு எடுத்துப் பூசிவிடுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை, திட்டுத் திட்டாக இருந்தாலும் போதும். எழுத்தின் ஓரம் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்பதுதான் முக்கியம். எழுத்துக்குப் பின்னால் எல்இடி ஒளி வட்டம் இருந்தால் அதையும் பூசுங்கள், அதை விட்டால் "இங்கே எழுத்து இருந்தது" என்று அதுவே சொல்லிக் கொடுக்கும். பிறகு அந்த இடத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, `Masked content` என்பதை `original`-லும் `Inpaint area` என்பதை `Only masked`-லும் வைத்து, `Denoising strength` 0.5 அளவில் ஓட்டுங்கள். இப்போது அடியில் இருப்பது வெறும் பூச்சு, அதைப் பிடித்துக்கொண்டு மர நரம்பையும் வெளிச்சத்தையும் மட்டும் சேர்க்கும்.

பிராம்ப்டை அந்தத் துண்டுக்கு ஏற்ற மாதிரி மாற்ற மறந்துவிடாதீர்கள். `Only masked`-ல் மாடலுக்குத் தெரிவது அந்தச் சதுரமும் சுற்றி ஒரு ஓரமும்தான். அதில் லாபி என்று எழுதியிருந்தால் அந்தச் சதுரத்துக்குள் ஒரு குட்டி லாபியை வரையப் பார்க்கும்.

```
smooth walnut panel, fine vertical grain, soft light from above
```

இவ்வளவு போதும். தரையில் இருக்கிற நிழலுக்கும் இதே வேலைதான், பிராம்ப்ட் மட்டும் கல் பற்றியது.

சாரல், ஏற்காடு

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. எங்களுக்கு ஏற்காட்டில் ஒரு சின்னத் தங்கும் விடுதி இருக்கிறது. முன் வரவேற்பு அறையைப் புதுப்பிக்கும் முன்னால் இதே மாதிரி ஒரு படம் எடுத்தோம். மேசை, பின்னால் கருங்கல் சுவர், பக்கத்தில் கண்ணாடிக் கதவு, வெளியே பனி. திரையில் பார்த்தபோது எழுத்தே இல்லை, சத்தியமாக. மலை அடிவாரத்தில் வைக்க பத்தடிக்கு நாலடி ஃப்ளெக்ஸ் போடலாம் என்று ஒருவரிடம் கொடுத்துப் பெரிதாக்கினோம். பிரின்ட் வந்த பிறகு பார்த்தால் மேசையின் முன்பக்கம் முழுக்க எழுத்து. கண்ணாடிக் கதவிலும் எழுத்து. இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தோம், காசு போனது போனதுதான். இல்லாத எழுத்து பெரிதாக்கும்போது எப்படி வரும்?

மணிவண்ணன், குகை

வருத்தமாக இருக்கிறது சாரல் அக்கா. எழுத்து அங்கே இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. மாடல் உள்ளுக்குள்ளே புள்ளி புள்ளியாக வேலை செய்வதில்லை, எட்டுக்கு எட்டுப் புள்ளியை ஒரு கட்டமாக வைத்துத்தான் வரைகிறது. 1216 புள்ளி அகலம் என்றால் அதற்கு 152 கட்டம். தூரத்தில் இருக்கிற ஒரு எழுத்துக்கு ஒன்றிரண்டு கட்டம்தான் கிடைக்கும், அதில் எழுத்தை வடிக்க முடியாது, ஒரு சின்னக் கரடாக வரும். உங்கள் மேசையில் அப்படி ஒரு கரடு இருந்திருக்கும், கண்ணுக்குக் கல்லின் பூ மாதிரி தெரிந்திருக்கும்.

பெரிதாக்குகிறவர் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அதே முழு பிராம்ப்டோடு மறுபடி வரைய விட்டிருப்பார். டீநாய்ஸ் 0.4, 0.5 என்று இருந்தால் அந்தக் கரடை மாடல் எழுத்தாக நினைத்துத் திருத்தி எழுதிவிடும். 0.2-க்கு மேல் போகக் கூடாது, பிராம்ப்டில் கல், மரம், வெளிச்சம் என்ற சொற்களைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. இல்லையென்றால் மறுபடி வரையாத சாதாரணப் பெரிதாக்கும் முறையே போதும். அடிவாரத்தில் பஸ்ஸில் போகிறவர் இருபது அடி தூரத்திலிருந்துதான் பார்க்கப் போகிறார்.

தினேஷ், ஃபேர்லேண்ட்ஸ்

எஸ்டிஎக்ஸ்எல்லை விட்டுவிட்டு ஃப்ளக்ஸ் மாடலுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்ல வந்தேன், ஆனால் இந்த வேலைக்கு அது இன்னும் மோசமாகலாம். நான் ஃப்ளக்ஸ் டெவ் வைத்திருக்கிறேன். அதில் எழுத்து நன்றாக வரும், அதுதான் பிரச்சினை. `reception desk` என்று போட்டால் சுவரில் சுத்தமாக `RECEPTION` என்று எழுதித் தருகிறது. எஸ்டிஎக்ஸ்எல் எழுதும் கிறுக்கலைப் படிக்க முடியாது, இது எழுதுவதைப் பள்ளிப் பிள்ளையும் படித்துவிடும்.

ரவி அண்ணே, உங்கள் நெகட்டிவ் இதில் வேலையே செய்யாது. வழக்கமாக ஃப்ளக்ஸை `cfg` 1-ல்தான் ஓட்டுகிறோம், அப்போது நெகட்டிவில் எழுதியதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. மூன்று நாள் எழுதி எழுதிப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

நல்ல பக்கம் ஒன்று உண்டு. நீளமான வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும். "சுவரில் துடைத்த ஸ்டீல் தகடு ஒன்று, அதன் முகம் முழுவதும் ஒரே சீராக, மேலிருந்து விழும் வெளிச்சத்தைத் தவிர எதுவும் இல்லை" என்ற பொருளில் எழுதினால் பத்தில் ஏழு தடவை வெறும் தகடு வருகிறது. `blank sign` என்று எழுதினால் வரவில்லை, `brushed steel plate` என்றால் வருகிறது. `sign` என்ற சொல்லே ஆகாது.

ரவி, சூரமங்கலம்

சரி, இப்போதுதான் எனக்குப் புரிகிறது. போன மாதம் ஃப்ளக்ஸில் என் நெகட்டிவ் வரி பலிக்காதது இதனால்தானா. எஸ்டிஎக்ஸ்எல்லில் நான் எடையை 1.1-க்கு இறக்கி, பிராம்ப்டில் மணி அண்ணா சொன்ன மாதிரி சொற்களை எடுத்துவிட்டுப் பார்த்தேன், லாபியும் சுத்தமாக வந்தது. ஆனால் ஒரு கேள்வி. அகிலா கேட்டது வெறுமையான பலகையா, படிக்க முடியாத பலகையா? இரண்டும் வேறல்லவா? வெறும் தகடு சுவரில் தொங்கினால் கடை காலி செய்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது என் கண்ணுக்கு.

அகிலா, அஸ்தம்பட்டி

நியாயமான கேள்வி அண்ணா. இரண்டுமே வேண்டும், இடத்தைப் பொறுத்து. மேசைக்குப் பின்னால் வெறும் தகடு. கண்ணாடிக்குப் பின்னால் தூரத்தில் தெரிகிற அறைகளில் கதவு எண்ணோ காகிதமோ இருந்தால் தப்பில்லை, படிக்க முடியாத அளவு மங்கலாக இருந்தால் போதும். அங்கேயும் எல்லாவற்றையும் துடைத்தால் உயிரில்லாமல் போகிறது.

மணிவண்ணன், குகை

நான் இதில் செல்வத்தோடும் தினேஷோடும் ஒத்துப்போகவில்லை. தகட்டையே வரையாமல் விட வேண்டும். சுவர் சுவராகவே இருக்கட்டும், தகட்டை நீங்கள் ஃபோட்டோஷாப்பில் தனி லேயராக வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு வருகிறவர் மாறும்போது படத்தைத் தொட வேண்டியதில்லை. மாடல் வரைந்த தகடு பெரும்பாலும் கொஞ்சம் கோணலாக இருக்கும், அதன் மேல் நேரான எழுத்தை வைத்தால் உடனே கண்ணை உறுத்தும்.

செல்வம், ஓமலூர்

தகட்டின் நிழல் சுவரில் விழ வேண்டுமே தம்பி. லேயராக ஒட்டினால் மிதக்கிற மாதிரி இருக்கும். நான் போர்டு மாட்டுகிறவன், தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற ஒரு இன்ச் இருட்டுதான் அது நிஜம் என்று காட்டும்.

தினேஷ், ஃபேர்லேண்ட்ஸ்

அது சரிதான் அண்ணே. அந்த ஒரு இன்ச் இருட்டு ஃப்ளக்ஸில் தானாக வந்துவிடுகிறது.

சோதனைக்கு ஒரு வழி. படம் முடிந்ததும் எழுத்து படிக்கும் நிரலில் ஒரு தடவை விட்டுப் பார்க்கிறேன்:

```
tesseract lobby.png stdout -l tam+eng --psm 11
```

ஏதாவது சொல் வெளியே வந்தால் எங்கேயோ எழுத்து ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

மணிவண்ணன், குகை

ஃப்ளக்ஸ் படத்துக்கு அது உதவும், ஏனென்றால் அதில் நிஜ எழுத்து வரும். எஸ்டிஎக்ஸ்எல் கிறுக்கலுக்கு அதை நம்ப வேண்டாம். அந்த நிரல் தெரிந்த எழுத்தைத் தேடுகிறது, கிறுக்கல் எந்த மொழியிலும் இல்லாததால் சில நேரம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடும், மரப் பட்டைகளை வரிசையாக `l l l` என்றும் படிக்கும். பெரிதாக்கிப் பார்ப்பதோடு, படத்தை வாட்ஸ்அப்பில் வருகிற அளவுக்குச் சின்னதாக்கியும் பாருங்கள். பெரிதாகப் பார்க்கும்போது கோடாகத் தெரிவது, கட்டை விரல் அளவில் பார்த்தால் சொல் மாதிரி சேர்ந்துகொள்ளும். அகிலாவின் கட்டிட உரிமையாளரின் அப்பா கேட்டதும் அதனால்தான். வாடகைக்கு வருகிறவர் முதலில் பார்க்கப் போவதும் போனில்தான்.

சாரல், ஏற்காடு

இதைப் படித்ததும் எங்கள் பழைய படத்தைப் போனில் திறந்து பார்த்தேன். மேசையின் முன்பக்கம் பெயர் மாதிரி ஒரு வரி தெரிகிறது! திரையில் அத்தனை நாள் பார்த்தும் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

அகிலா, அஸ்தம்பட்டி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து முடித்தேன். உரிமையாளர் பிடித்த அதே படம்தான். சுவரில் ஏற்கெனவே அழித்த இடத்தில் 0.7-ல் வந்திருந்த திட்டையும் சேர்த்து மரத்தின் நிறத்தைப் பூசி, மேலே 0.5-ல் ஓட்டினேன். தரையில் பலகைக்கு நேர் கீழே அடி விளிம்பு வரை பட்டையாகப் பூசினேன். அங்கே பளபளப்பும் சேர்ந்து போய்விட்டதால் அந்தப் பட்டை மட்டும் வேறு கல் மாதிரி தெரிந்தது. அதனால் கடைசியில் தரை முழுவதையும் மாஸ்க் போட்டு, `honed grey granite, wide slabs, diffuse light` என்று மாற்றிவிட்டேன். நடராஜன் ஐயா, படம் பார்த்த உரிமையாளர் நிஜத் தரைக்கும் ஹோன்டு ஃபினிஷே விலை கேட்கச் சொல்லியிருக்கிறார், நாளைக்கு மாதிரி பார்க்க வருகிறேன்.

சுவருக்கு இரண்டு பதிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றில் தகடு, ஒன்றில் வெறும் மரம். செல்வம் அண்ணே சொன்ன இருட்டு கோடு தகட்டுப் பதிப்பில் நன்றாக விழுந்திருக்கிறது, ஆனால் மணி அண்ணா சொன்ன கோணலும் இருக்கிறது, வலது பக்கம் ஒரு நூல் அளவு இறங்கியிருக்கிறது. உரிமையாளர் இன்னும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

ஒரே ஒரு இடம் பாக்கி. வலது ஓரத்தில் கண்ணாடிக் கதவுக்கு மேலே அவசர வழிப் பலகை, பச்சையாக ஒளிர்கிறது, அதற்குள் கிறுக்கல். அதைத் துடைத்து வெறும் பச்சைப் பெட்டியாக விட்டால் விளக்கு மாதிரி இருக்கிறது. எடுத்தேவிட்டால் கட்டிடத்தில் அவசர வழியே காட்டவில்லை என்று யாராவது கேட்பார்களோ என்று இருக்கிறது. நீங்கள் எல்லாம் அந்த இடத்தில் என்ன செய்கிறீர்கள்?

ரவி, சூரமங்கலம்

நான் ஓடுகிற ஆள் படத்தை மட்டும் கையால் வரைந்து வைத்துவிடுவேன். எழுத்து வேண்டாமே.

தினேஷ், ஃபேர்லேண்ட்ஸ்

சின்ன அளவில் அந்த ஆளே எழுத்து மாதிரிதான் தெரிவான் அண்ணே. அகிலா, கேமராவை ஒரு கை இடது பக்கம் நகர்த்தி அந்தக் கதவையே வெட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள்.

அகிலா, அஸ்தம்பட்டி

வெட்டினால் கண்ணாடித் தடுப்பில் பாதி போய்விடுகிறது, அதைத்தான் உரிமையாளர் காட்டச் சொன்னார். இன்றைக்கு ரவி அண்ணா சொன்ன மாதிரி வரைந்து, போனில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.